தலைப்பகுதியில் தொலைந்துபோகும் தொலைபேசி எண்

பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் வேர்டு கோப்பின் ஹெடரில் போட்டால் ரெஸ்யூமே அழகாகத்தான் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் அவை தானாக வரும், இடமும் மிச்சமாகும். ஆனால் அதை முதலில் படிப்பது பெரும்பாலும் மனிதர் அல்ல, விண்ணப்பங்களைப் பிரிக்கும் மென்பொருள்.

.docx என்பது உண்மையில் பல சிறு கோப்புகளைக் கட்டிவைத்த ஒரு ஜிப் பொட்டலம். நீங்கள் எழுதும் உடல்பகுதி document.xml என்ற கோப்பில் இருக்கும். ஹெடர் header1.xml போன்ற தனிக் கோப்பில் இருக்கும். ஃபுட்டருக்கும் அப்படியே. சில மென்பொருள்கள் document.xml-ஐ மட்டும் திறந்து எழுத்துகளை எடுத்துக்கொள்கின்றன. ஹெடரில் வழக்கமாகப் பக்க எண்ணும் தலைப்பும்தானே இருக்கும் என்று விட்டுவிடுகின்றன. விளைவு, பத்து வருட அனுபவமும் படிப்பும் சரியாகப் பதிவாகும். செல்பேசி, மின்னஞ்சல் கட்டங்கள் காலியாக நிற்கும். தகுதியான ஒருவரை இதற்காக இழப்பது வேதனை. எல்லா மென்பொருளும் இப்படி அல்ல, ஹெடரையும் படிப்பவை உண்டு. எந்த நிறுவனத்தில் எது என்று விண்ணப்பிப்பவருக்குத் தெரியாது.

சோதிப்பது எளிது. உடல்பகுதியில் ஒரு வரியில் கிளிக் செய்து, Ctrl+A அழுத்தி, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். உங்கள் எண் அங்கே வரவில்லையென்றால் அது பெரும்பாலும் ஹெடரிலோ ஃபுட்டரிலோ இருக்கும். மங்கலாகத் தெரியும் அந்த எழுத்தை இருமுறை கிளிக் செய்து, வெட்டி, உடல்பகுதியின் முதல் வரியாக ஒட்டிவிடுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் மட்டும் வைக்காதீர்கள், அதையும் சில மென்பொருள்கள் தாண்டிப் போய்விடும். இரண்டாம் பக்க ஹெடரில் பெயரும் பக்க எண்ணும் இருப்பதில் தவறில்லை.