கிராம் கணக்கில் விட்டுப்போனது

அந்தத் தம்பி கொண்டுவந்த நோட்டில் எல்லாம் கிராம் கணக்கில் இருந்தது. காலையில் ஐந்து முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். மதியம் 200 கிராம் கோழி, நாலு துண்டு வெள்ளரிக்காய். மாலையில் இன்னொரு ஸ்கூப்பும் பத்து பாதாமும். இரவு வெங்காயம் போட்டு வதக்கிய 100 கிராம் பன்னீர். கூட்டிப் பார்த்தால் 130 கிராம் புரதம். ஜிம்மில் சொன்ன அளவு, ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பேச்சை ஆரம்பித்தது கூட வந்திருந்த அம்மாதான். "காலையில பாத்ரூமுக்குள்ள போனா முக்கா மணி நேரம் ஆகுது மேடம். வெளிய வரும்போது முகமெல்லாம் வேர்த்திருக்கு." தம்பி தலைகுனிந்தபடியே சொன்னார்: "நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகுது. ஆட்டுப் புழுக்கை மாதிரி. புரோட்டீன் சூடு, அதான் இறுகிடுதுங்கிறாங்க. விட்டுரட்டுமா?"

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். விட வேண்டியதில்லை. முட்டையும் கோழியும் தாமாக மலத்தை இறுக்குவதில்லை. அவை தட்டுக்கு வந்தபோது எவை வெளியே போயின என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன் இதே தம்பியின் மதியச் சாப்பாட்டில் சாம்பாரும் பொரியலும் கூட்டும் இருந்தன. சோற்றை நிறுத்தியதும் அதற்குத் துணையாக இருந்த அத்தனையும் சேர்ந்து போய்விட்டன. வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து குறைவுதான். ஆனால் சோறு இருந்ததால்தான் பருப்பும் காயும் கீரையும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன.

முட்டை, கோழி, மீன், பன்னீர் எதிலும் நார்ச்சத்து கிடையாது. சாதாரணப் புரோட்டீன் பவுடரிலும் இல்லையென்றே சொல்லலாம். அந்த நோட்டில் இருந்த பாதாம், வெள்ளரிக்காய், வெங்காயம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஐந்து கிராம்கூடத் தேறவில்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் தேவை.

சிறுகுடலில் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட பின் மிஞ்சும் சக்கைதான் பெருங்குடலுக்கு வருகிறது. அதிலிருந்து நீரை இழுத்துக்கொள்வது பெருங்குடலின் வேலை. நார்ச்சத்து இருந்தால் சக்கை பருமனாகவும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டும் இருக்கும். குடல் சுவர் அதை எளிதாகத் தள்ளிவிடும். முட்டையும் கோழியும் பெரும்பாலும் செரித்துப்போவதால் சக்கை மிகக் கொஞ்சம். கொஞ்சமாக இருப்பது மெல்ல நகரும், மெல்ல நகர நகர நீர் வற்றும், வற்றியது புழுக்கையாகும்.

ஆகவே ஒரே ஒரு மாற்றத்தில் தொடங்கினோம். மாலை ஸ்கூப்புக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். ஸ்கூப்பில் இருந்தது 24 கிராம் புரதம், நார்ச்சத்து இல்லை. வேகவைத்த ஒரு கப் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 12 கிராம் நார்ச்சத்தும் உண்டு. குறைகிற 10 கிராம் புரதத்தை மதியம் கெட்டியான சாம்பாரும் ஒரு கிண்ணம் தயிரும் ஈடுகட்டிவிடும். கோழியோடு ஒரு பெரிய கப் அவரைக்காய்ப் பொரியலோ கீரையோ சேர்ந்தால் இன்னொரு 5 கிராம் நார்ச்சத்து. நடுத்தர அளவில் ஒரு கொய்யாப்பழம், விதையோடு, மேலும் 5 கிராம். புரதம் அதே 130 பக்கம் நிற்க, நார்ச்சத்து 27, 28 கிராமுக்கு வந்துவிடுகிறது.

தாளில் இப்படி எழுதிக் கொடுத்தபோது, முதல் வாரம் அரை கப் சுண்டல் மட்டும் போதும், இரண்டாம் வாரம் பொரியல், பிறகு பழம் என்று வரிசையும் சொல்லியிருந்தேன். தம்பிக்குப் பொறுமையில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் போன் செய்தார்: "வயிறு கல்லு மாதிரி உப்பிடுச்சு மேடம், இது எனக்கு ஒத்துக்கல." பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். மாதக்கணக்கில் நார் பார்க்காத குடல் திடீரென்று 25 கிராமைத் தாங்காது. வாரத்துக்கு 5 கிராம் போல ஏற்றினால் பழகிக்கொள்ளும். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நசுங்கும் பதத்துக்கு வேகவைத்தால் உப்புசம் இன்னும் குறையும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டார். தம்பி மறுபடியும் அரை கப்பிலிருந்து தொடங்கினார்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. நார் இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நாலு லிட்டர் குடித்தால், பெரும்பகுதி சிறுநீராகத்தான் போகும். பிடித்து வைக்க நார் வேண்டும். அதேபோல் நாரை ஏற்றிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். புரதம் அதிகம் உண்ணும்போது உண்டாகும் யூரியாவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கும் நீர் வேண்டும், உடற்பயிற்சியில் வியர்வையாகவும் போகிறது. இரண்டு, இரண்டரை லிட்டர் பலருக்குப் போதும், வெயில் நாளில் கூடுதலாக. மோர், ரசம், இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளானால் போதவில்லை.

மூன்றாவது, நேரம். காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும் பெருங்குடல் பலமாக அசையும். உணவு இரைப்பையில் விழுந்ததுமே கீழே இடம் ஒதுக்கச் சொல்லும் அனிச்சைச் செயல் அது. தம்பியோ காலை ஷேக்கை பாட்டிலில் ஊற்றி பைக்கில் கிளம்பிவிடுவார். உந்துதல் வரும் நேரத்தில் சிக்னலில் நின்றிருப்பார். அடக்கிக்கொண்டே இருந்தால் அந்த உணர்வே மங்கிவிடும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வீட்டிலேயே முட்டையைச் சாப்பிட்டு, சூடாக ஒரு டம்ளர் காபியோ வெந்நீரோ குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் போய் உட்காரச் சொன்னேன். வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி. பத்து நிமிடம், போன் இல்லாமல். வரவில்லையென்றால் முக்காமல் எழுந்துவிட வேண்டும். முக்குவதுதான் மூலத்துக்கும் ஆசனவாய் வெடிப்புக்கும் வழி.

இடையில் கைகொடுக்க இசப்கோல் உமி நல்லது. ஒரு டீஸ்பூனை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் கூழாகிவிடும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இதைத் தொடக் கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளாலும் மலம் இறுகும் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தையும், இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள் தண்ணீரையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் சுண்டலில் நாள் கடத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். வயிறு வீங்கி, வாந்தியோடு, காற்றுகூடப் பிரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்தாம் வாரம் நோட்டோடு வந்தார். பக்கத்தின் வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு நார்ச்சத்து என்று எழுதியிருந்தார். முந்தின நாளுக்கு 26. அதன் கீழே, காலை 7.10, ஆறு நிமிடம்.