ஃபைபர் இணைப்பு விட்டுவிட்டு வந்தால்: ஒளி அளவும் அழுக்குக் கனெக்டரும்

இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் ஃபைபர் கேபிள் அறுந்துபோனால் இணைப்பு அப்படியே நின்றுவிடும். கோளாறு என்னவென்று உடனே தெரியும். இணைப்பு சில நொடிகள் போவதும் மறுபடி வருவதுமாக இருந்தால்தான் தொல்லை. இதை லிங்க் ஃப்ளாப் என்பார்கள். பெரும்பாலும் ஒளி அறவே வராமல் போயிருக்காது. ரிசீவர் படித்துக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவை ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருக்கும். வெப்பம் சற்று மாறினாலும், ரேக்கின் கதவைச் சாத்தும் அதிர்விலும் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும்.

சுவிட்சின் லாக் பதிவைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இணைப்பு விழுந்ததாகவே இருக்கும். 10 கிகாபிட் இணைப்பில் ஒரு பக்கத்துக்கு ஒளி சரியாக வராவிட்டால், அது மறுபக்கத்துக்கும் தகவல் சொல்லிவிடும். உடனே இரண்டும் இறங்கிவிடும். எனவே கோளாறு எந்தப் பக்கம் என்பதற்கு லாக் உதவாது. ட்ரான்ஸீவர் காட்டும் ஒளி அளவுதான் அதைச் சொல்லும்.

ட்ரான்ஸீவர் என்பது சுவிட்சின் போர்ட்டில் செருகும் விரல் அளவுப் பெட்டி. அனுப்பும் ஒளியையும் பெறும் ஒளியையும் அதுவே அளந்து வைத்திருக்கும். சிஸ்கோ சுவிட்சுகளில் இப்படிக் கேட்கலாம்:

```
show interfaces TenGigabitEthernet1/1/1 transceiver detail
```

விடை dBm என்ற அலகில் வரும். 0 dBm என்றால் ஒரு மில்லிவாட். −10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு 3 இறங்கும்போதும் ஒளி பாதியாகும். 10 கிலோமீட்டர் வரை செல்லும் எல்ஆர் வகை ட்ரான்ஸீவருக்கு −14.4 dBm வரை ஒளி வந்தால் போதும் என்பது தர வரையறை.

4 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். அ, ஆ என்று இரண்டு சுவிட்சுகள். கிலோமீட்டருக்கு 0.4 dB வீதம் ஃபைபரில் 1.6 dB குறையும். வழியில் நான்கு கனெக்டர் இணைப்புகள். தாராளமாக ஒவ்வொன்றுக்கும் 0.5 என்று வைத்தால் இன்னும் 2. ஆக, 3.6 dB இழப்பு இயல்பு. ஆ −2.3 அனுப்ப, அ-வுக்கு −5.8 கிடைக்கிறது, இழப்பு 3.5. அந்த இழையில் குறையில்லை. அ அனுப்புவது −2.0, ஆ பெறுவதோ −13.8. இழப்பு 11.8 dB. எல்லைக்கு மேலே அரை dB-யைச் சற்றே தாண்டிய இடைவெளிதான் மிச்சம்.

ஒரு பக்கத்தின் Tx அளவை மறுபக்கத்தின் Rx அளவோடு ஒப்பிட வேண்டும் என்பதே இங்கே முக்கியம். ஒரே சுவிட்சின் இரண்டு எண்களையும் ஒப்பிடுவது பயனற்றது, ஏனெனில் அவை வெவ்வேறு இழைகளைச் சேர்ந்தவை. இந்த அளவீட்டில் 3 dB வரை பிழை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இணைப்பு நன்றாக ஓடும்போதே எண்களைக் குறித்து வைத்திருந்தால் அதைவிட நம்பகமான ஒப்பீடு வேறில்லை.

கூடுதலாகப் போன 8 dB, அதாவது வரவேண்டிய ஒளியில் ஆறில் ஐந்து பங்கு, எங்கே போயிற்று? முதலில் சந்தேகிக்க வேண்டியது கனெக்டரின் முகப்பை. சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரான். தலைமுடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதன்மேல் ஒரு தூசித் துகள் உட்கார்ந்தால் ஒளியில் பெரும்பங்கு தடைபடும். விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் அப்படியே. தூசி மூடியைப் போட்டு வைத்திருந்ததால் சுத்தமாக இருக்கும் என்றும் நினைக்க முடியாது, மூடிக்குள்ளேயே அழுக்கு இருப்பதுண்டு.

சுத்தம் செய்யும் முன் இரு முனைகளிலும் போர்ட்டை அணைத்துவிட வேண்டும். 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், முனையைக் கண்ணால் உற்றுப் பார்ப்பது ஆபத்து. ஃபைபர் நுண்ணோக்கியில் பார்ப்பது, பேனா வடிவச் சுத்திகரிப்பானை 'க்ளிக்' என்ற ஒலி வரும்வரை அழுத்துவது, மறுபடி பார்ப்பது என்பதே வரிசை. பசை போகாவிட்டால் மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சட்டைத் துணியால் துடைப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும். பேட்ச் கார்டின் முனையைத் துடைத்து, பேட்ச் பேனலின் உட்புறத்தை அப்படியே விட்டால் அங்குள்ள துகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எதிரெதிர் முகங்கள் இரண்டையும் துடைத்தாக வேண்டும். துகளோடு அழுத்திச் செருகினால் கண்ணாடியில் பள்ளம் விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. பேட்ச் கார்டை மாற்ற வேண்டியதுதான்.

ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துச் செருகியதும் ஆ-வின் Rx அளவைப் பார்க்க வேண்டும். −13.8 என்பது −6-ஐ ஒட்டி ஏறினால் குற்றவாளி அந்தக் கனெக்டர்தான். எல்லாவற்றையும் துடைத்தும் எண் அசையாவிட்டால், ரேக்கில் இறுக்கமாக மடங்கிய கேபிளையும் வழியிலுள்ள ஒட்டிணைப்பையும் தேட வேண்டும். தூரத்தை அளந்து சொல்லும் ஓடிடிஆர் கருவி அதற்கு உதவும். Rx அளவு இரு பக்கமும் நன்றாக இருந்தும் இணைப்பு விழுந்தால், ஃபைபரை விட்டுவிட்டு ட்ரான்ஸீவரை மாற்றிப் பார்க்கலாம்.