விரலால் பாடிய பி.பி. கிங்

மிசிசிப்பியின் பருத்தி வயல்களிடையே வளர்ந்து, தேவாலயத்தில் பாடிப் பழகியவர் பி.பி. கிங். 1940களில் அவர் மெம்ஃபிஸ் நகருக்கு வந்தபோது, உறவினர் புக்கா ஒயிட் அங்கே ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார். விரலில் குழாயை மாட்டி, தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் ‘ஸ்லைடு’ முறை புக்காவுடையது. அந்த ஒலி கிங்கின் மனத்தில் ஒட்டிக்கொண்டது. குழாயோ அவர் கைக்குப் படியவில்லை. அதே நெளிவை வெறும் விரலால் எடுக்க முயன்றார். அந்த முயற்சியிலிருந்து அவருடைய வைப்ரேட்டோ பிறந்தது. பின்னால் வந்த லீட் கிட்டார் கலைஞர்கள் பலருக்கும் அதுவே பாடமானது.

1969இல் வெளிவந்த அவருடைய ‘தி த்ரில் இஸ் கான்’ பாடலைக் கேட்டால் விஷயம் விளங்கும். முதலில் கிட்டார் பேசுகிறது, பிறகு அவர் பாடுகிறார். ஒரு வரி முடிந்து குரல் ஓய்ந்ததும் கிட்டார் பதில் சொல்கிறது. பாடும்போது அவர் கிட்டாரைத் தொடுவதே அபூர்வம். ஒரே ஆள் இரண்டு தொண்டைகளால் மாறி மாறிப் பாடுவதுபோல் இருக்கும்.

இயல்பில் கிட்டார் இப்படிப் பாடும் கருவி அல்ல. அதன் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள், அதாவது ஃப்ரெட்டுகள், ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு படியில் நிறுத்திவிடுகின்றன. மனிதக் குரலுக்குப் படிகள் கிடையாது. பாடகர் ஒரு ஸ்வரத்தைக் கீழிருந்து எட்டிப் பிடிப்பார், அங்கே நிற்பார், நின்றபின் லேசாக அசைப்பார், சில சமயம் வழுக்கி இறங்குவார். இந்தத் தொடர்ச்சியைத்தான் கிட்டார் கலைஞர் இரண்டு வழிகளில் மீட்டெடுக்கிறார். தந்தியை ஃப்ரெட்டின் குறுக்கே தள்ளிச் சுருதியை உயர்த்துவது பெண்டிங். பிடித்த சுருதியைச் சீராக அசைப்பது வைப்ரேட்டோ. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பம் புதிதாக இருக்காது. தந்தியின் இறுக்கம் கூடினால் சுருதி கூடும் என்பதே இரண்டிலும் உள்ள அடிப்படை.

பெண்டிங் குரலை நினைவூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிக் தந்தியைத் தட்டும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி எழும். குரலில் அது கிடையாது. தட்டியது கீழ் ஸ்வரத்தில், போய்ச் சேர்ந்தது மேல் ஸ்வரத்தில் என்றால், மேல் ஸ்வரம் அந்தத் தட்டல் ஒலி இல்லாமலே பிறக்கிறது. காதுக்கு அது மூச்சிலிருந்து வந்த ஒலியாகப் படுகிறது.

பயிற்சிக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய இரண்டு தந்திகளில் மிக மெல்லியது முதல் தந்தி, அதற்கு அடுத்தது இரண்டாம் தந்தி. இரண்டாம் தந்தியின் 8ஆம் ஃப்ரெட்டில் ஒலிப்பது ஜி, ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். அதை இரண்டு ஃப்ரெட் தூரம் உயர்த்தினால் ஏ, அதாவது 440 ஹெர்ட்ஸ். இதற்குத் தந்தியின் இறுக்கம் சுமார் கால் பங்கு கூட வேண்டும். ஒற்றை விரலின் பலம் இதற்குப் போதாது. மோதிர விரல் 8ஆம் ஃப்ரெட்டில் இருக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பின்னால் அதே தந்தியில் துணை நிற்க வேண்டும். கட்டைவிரல் கிட்டார் கழுத்தின் மேல் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். தள்ளும் வேலையை விரல் மூட்டுகள் செய்யக் கூடாது. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டு திரும்ப வேண்டும்.

தள்ளுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முதலில் 10ஆம் ஃப்ரெட்டைச் சாதாரணமாக அழுத்தி ஏ ஸ்வரத்தைக் கேட்க வேண்டும், அதை வாயால் பாட வேண்டும். பிறகு 8ஆம் ஃப்ரெட்டுக்கு வந்து, பாடிய இடம் வரை தந்தியைத் தள்ள வேண்டும். எங்கே நிறுத்துவது என்று விரலுக்குத் தெரியாது, காதுதான் சொல்லும். புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் குறைவாகவே தள்ளி நிறுத்திவிடுவார்கள். கேட்பவருக்கு அது சுருதி சேராத பாட்டாகத் தோன்றும்.

பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலை முதல் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் அங்கும் அதே 440 ஹெர்ட்ஸ் ஏ கிடைக்கும். இரண்டு தந்திகளையும் சேர்த்து மீட்டி, இரண்டாம் தந்தியை நடுவிரலும் மோதிர விரலும் மெல்லத் தள்ளட்டும். சுருதிகள் நெருங்கும்போது ‘வ்வா வ்வா’ என்ற ஒலி அலை கேட்கும். தள்ளிய தந்தி 436இல் நின்றால், நொடிக்கு நான்கு அலைகள். நெருங்க நெருங்க அலைகள் மெதுவாகி, சரியான இடத்தில் முற்றிலும் அடங்கிவிடும். அடங்கிய பிறகு மீண்டும் எழுந்தால், இலக்கைத் தாண்டியாகிவிட்டது.

இலக்கு கைக்கு வந்தபின் வைப்ரேட்டோ. பயிற்சி பெற்ற பாடகரின் குரல் பொதுவாக நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை அசையும், அதுவும் ஸ்வரத்துக்கு மேலும் கீழுமாக. ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியைத் தள்ளினால் சுருதி உயரத்தான் செய்யும், குறையாது. ஆகவே ஒவ்வோர் அசைவிலும் விரல் தொடங்கிய இடத்துக்கு முழுதாகத் திரும்பியாக வேண்டும். பாதியில் திரும்பினால் ஸ்வரம் முழுவதுமே சற்று உயர்ந்து ஒலிக்கும். ஏற்கெனவே தள்ளி நிறுத்திய ஸ்வரத்திலோ நிலைமை வேறு. அங்கே இலக்கிலிருந்து சிறிது இறக்கி, மறுபடி இலக்குக்கே ஏற்ற வேண்டும். இதுதான் கடினமானது, ஒவ்வொரு முறையும் அதே உயரத்தைத் தொட வேண்டியிருக்கிறது.

கிங்கின் கையைப் பழைய காட்சிப் பதிவுகளில் பார்க்கலாம். ஆள்காட்டி விரல் மட்டும் தந்தியில் ஊன்றியிருக்கும், கட்டைவிரல் கழுத்தை விட்டு விலகியிருக்கும், முன்கையிலிருந்து முழுக் கையும் அதிரும். இது கைவரும் வரை மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் இரண்டு அசைவுகள் என்று தொடங்கலாம். அசைவின் அகலம் மாறாமல் இருந்தால் மூன்று, பிறகு நான்கு. வேகம் 80ஐ எட்டும்போது அடிக்கு நான்கு அசைவுகள் என்றால், நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். பாடகரின் எல்லைக்குள் வந்தாயிற்று. வேகத்தை முதலில் பிடித்தவர்களிடம் அகலம் சுருங்கி, நடுக்கம் மட்டுமே மிஞ்சும். ஒலியைப் பதிவுசெய்து கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு தொல்லை பக்கத்துத் தந்திகள். இரண்டாம் தந்தியைத் தள்ளும்போது மூன்றாம் தந்தி விரலில் சிக்கி, விடும்போது ‘ணங்’ என்று ஒலிக்கும். ஆள்காட்டி விரலின் நுனி மூன்றாம் தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது அடங்கும். கனமான தந்திகளை மாட்டிய அக்குஸ்டிக் கிட்டாரில் இரண்டு ஃப்ரெட் தூரம் தள்ளுவது பெரும்பாடு. அங்கே ஒரு ஃப்ரெட் தூரமே போதும். எலெக்ட்ரிக் கிட்டாரில் முதல் தந்தி 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன் உள்ள செட் தொடக்கத்துக்கு ஏற்றது. நுனிவிரல் எரியத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இத்தனையும் ஒரு பாட்டில் சேர வேண்டும். தெரிந்த பாடல் ஒன்றின் ஒரே வரியைப் பாடிப் பதிவுசெய்து, பிறகு கிட்டாரில் அதை வாசித்துப் பார்ப்பது நல்ல வழி. குரல் எந்த ஸ்வரத்தைக் கீழிருந்து எட்டியதோ அங்கே மட்டும் பெண்டிங். குரல் நீண்டு நின்ற இடத்தில், முதலில் அசைவில்லாமல் பிடித்து, சற்றுப் பொறுத்து வைப்ரேட்டோ. பாடியவர் மூச்சு வாங்கிய இடத்தில் கிட்டாரும் நிற்க வேண்டும்.