எவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாத விவாதம்: ஹிஜாப் வழக்கின் இருவேறு தீர்ப்புகளும் எல்லைப்புற வகுப்பறையும்

ஆய்வுச் சுருக்கம்

சமயம் சார்ந்த சர்ச்சைப் பொருளை வகுப்பில் விவாதிக்கும்போது, பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் ‘பிறர் மனம் புண்படப் பேசாதீர்’ என்ற அறிவுரையோடு நின்றுவிடுகின்றன. பேச்சு தொடங்குவதற்கு முன்பே, வினாவின் அமைப்பிலும் பங்குகளைப் பிரிக்கும் முறையிலும் பாதுகாப்பு அமைந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. 2022ஆம் ஆண்டின் கர்நாடக ஹிஜாப் வழக்கைப் பாடப்பொருளாகக் கொண்டு, ராயக்கோட்டைப் பகுதியின் மேல்நிலை வகுப்புக்கு ஏற்ற ஒரு விவாத வடிவம் இங்கே விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வகுப்பறை விவாதம், ஹிஜாப் வழக்கு, பட்டிமன்றம், இன்றியமையாச் சமய வழக்கம், ராயக்கோட்டை.

1. களமும் சிக்கலும்

ராயக்கோட்டை வகுப்பறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளை வீட்டில் பேசும் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பது இயல்பு. ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் உடன் இருப்பர். மாநில எல்லை இவர்களுக்கு நிலப்படத்தில் உள்ள ஒரு கோடு மட்டுமே. உறவும் வணிகமும் அதனைக் கடந்தே நிகழ்கின்றன. ஆகவே 2022 தொடக்கத்தில் கர்நாடகக் கல்லூரி வாயில்களில் நிகழ்ந்தவை இப்பகுதிக்கு அயல்மாநிலச் செய்தியாக இருக்கவில்லை. வாயிலில் தடுக்கப்பட்ட மாணவியர், காவித் துண்டு அணிந்து எதிர்த்து நின்ற மாணவர் ஆகியோரின் காட்சிகள் வீட்டுக் கைப்பேசிகள் வரை வந்தன.

அந்நிலையில் ஆசிரியர் ஒருவர் ‘கல்லூரியில் ஹிஜாப் வேண்டுமா, வேண்டாமா?’ என்று தலைப்பிட்டு, இரண்டு அணிகள் பிரித்து, தாம் நடுவராக அமர்ந்தால் என்ன நிகழும்? நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முக்காடு அணிந்த மாணவி ஒருத்தியோ இருவரோ இருப்பர். விவாதம் தொடங்கிய சில நிமிடங்களில் வகுப்பின் கண்கள் அவர்கள் பக்கம் திரும்பும். ‘நீயே சொல்லேன்’ என்று ஒருவர் கேட்பார். கேட்பவருக்குத் தீய எண்ணம் இராது. கேட்கப்பட்டவளோ அக்கணத்தில் தன் சமயம் முழுவதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவளாகிறாள். அவள் பேசினால் குறுக்கு விசாரணை தொடரும். பேசாவிட்டால் அந்த மௌனத்திற்கு ஒரு பொருள் கற்பிக்கப்படும். அணிந்திருக்கும் உடையே விவாதப்பொருளாகும்போது, அவளால் விவாதத்திலிருந்து விலகி அமர முடிவதில்லை.

2. பட்டிமன்ற வடிவின் இடர்

இவ்விடரை உண்டாக்குவது தலைப்பு மட்டுமன்று, வடிவமும்தான். தமிழாசிரியர்க்கு விவாதம் என்றதும் நினைவில் எழுவது பட்டிமன்றமே. அணி, கைத்தட்டல், நடுவர் தீர்ப்பு ஆகிய மூன்றும் அதன் உயிர். ‘குடும்பத்தில் பெரும்பொறுப்பு யாருக்கு?’ என்பது போன்ற தலைப்புக்கு இவ்வடிவம் தீங்கற்றது. சமயப் பொருளில் ‘தீர்ப்பு’ என்பது, வகுப்பிலுள்ள ஒருவரின் வாழ்க்கைமுறை தோற்றது என்று ஆசிரியரே அறிவிப்பதாக முடியும். சமய வாதில் தோற்றவர்க்கு நேர்ந்ததாகத் தொன்மங்கள் கூறுவனவற்றைத் தமிழிலக்கிய வரலாறு பயின்றோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நம் மரபில் வேறு வடிவமும் உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில், வஞ்சியில் பல சமயத்தார் தத்தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். மாதவன் வடிவில் செல்லும் மணிமேகலை பெரும்பாலும் கேட்பவளாகவே இருக்கிறாள். அக்காதை நடுநிலையானது என்று சொல்ல வரவில்லை. காப்பியம் பௌத்தச் சார்புடையதே. ஆயினும், மறுப்பதற்கு முன் எதிர்க்கொள்கையை அதனை உடையவர் ஏற்கும் வண்ணம் முழுமையாக அறிவது என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. கீழே விளக்கப்படும் முறையின் அடிப்படையும் அதுவே.

3. வினாவை அமைத்தல்

முதல் விதி மாணவர்க்கானதன்று, ஆசிரியர்க்கானது. ‘இசுலாம் ஹிஜாபைக் கட்டாயமாக்குகிறதா?’ என்ற வினா வகுப்பறைக்கு உரியதன்று. அது சமயத்தின் உள்விவகாரம். அதற்கு விடையளிக்கும் தகுதி ஆசிரியர்க்கும் இல்லை, வகுப்பிற்கும் இல்லை. ‘தடை சரியா?’ என்ற வினா அணிகளை உண்டாக்கும். எஞ்சுவது மூன்றாவது வகை: ‘ஒரே வழக்கைக் கேட்ட இரு நீதிபதிகள் எந்த இடத்தில், ஏன் பிரிந்தனர்?’

இவ்வினாவிற்கு ஹிஜாப் வழக்கு மிகப் பொருத்தமானது. உடுப்பியிலுள்ள அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில் தொடங்கிய சிக்கலை அடுத்து, 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை குறித்து ஆணையிட்டது. மார்ச் 15 அன்று கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, ஹிஜாப் இசுலாத்தின் இன்றியமையாச் சமய வழக்கம் அன்று எனக் கூறி அவ்வாணையை நிலைநிறுத்தியது. மேல்முறையீட்டில், அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு பிளவுபட்ட தீர்ப்பளித்தது. நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார்; நீதிபதி சுதான்ஷு தூலியா அவற்றை ஏற்றார். வழக்கு பெரிய அமர்வு அமைப்பதற்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது.

வகுப்பறைக்கு இப்பிளவு ஒரு வாய்ப்பு. இரு பக்கமும் உயர்ந்த நீதிபதிகளால் காரணங்களோடு எழுதப்பட்டுள்ளன. சீருடை மாணவரிடையே சமத்துவத்தை உண்டாக்குவது. அரசு நிதியில் இயங்கும் சமயச் சார்பற்ற நிறுவனத்திற்குள் சமய அடையாளத்தைக் கொண்டுவர உரிமை இல்லை என்பது ஒருவர் வாதம். இன்றியமையாச் சமய வழக்கமா என்ற ஆய்வே இவ்வழக்கிற்குத் தேவையில்லை. இது தேர்வுரிமை பற்றியது, ஒரு பெண்பிள்ளையின் கல்வியே முதன்மையானது என்பது மற்றவர் வாதம். ‘இன்றியமையாமை’ அளவுகோல் இசுலாமியர்க்காகத் தோன்றியதன்று என்பதையும் மாணவர் அறிய வேண்டும். அது 1954இல், சிரூர் மடத்திற்கும் சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் இடையிலான வழக்கில் உருப்பெற்றது. சிரூர் மடமும் உடுப்பியைச் சேர்ந்ததே. இந்த ஒரு செய்தி, ‘அவர்கள் சிக்கல்’ என்று எண்ணியதை ‘நம் அனைவருக்கும் பொதுவான சட்டச் சிக்கல்’ என்று மாற்றிவிடும்.

4. தொலைவிலிருந்து அண்மைக்கு

நேராக ஹிஜாப் வழக்கிற்குள் நுழைவது தவறு. முதற்பாடவேளையில் பிஜோ இம்மானுவேல் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 1985 சூலையில் கேரளப் பள்ளியொன்றில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடப்படுகையில் மரியாதையோடு எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. அதற்காக அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது என்றது. பெரும்பாலான வகுப்புகளில் இப்பிரிவினர் ஒருவரும் இரார். எனவே எவரும் சாட்சியாக்கப்படாமல் விதிகளைப் பழகிக்கொள்ள முடியும். (ஒருவர் இருப்பாராயின் வேறு வழக்கைத் தேர்க.) நீதிபதி தூலியா தம் தீர்ப்பில் இவ்வழக்கைச் சார்ந்து நின்றதால் அடுத்த கட்டத்திற்கு இது பாலமாகவும் அமைகிறது.

இரண்டாம் பாடவேளை வாசிப்புக்கு உரியது. ஒவ்வொரு தீர்ப்பின் சாரத்தையும் ஒரு பக்க எளிய தமிழில் ஆசிரியரே எழுதித் தர வேண்டும். தீர்ப்புரை நீளமானது, தமிழில் வேகமாக வாசிக்க இயலாத உருது, தெலுங்கு இல்லத்துப் பிள்ளைகள் அங்கேயே பின்தங்கிவிடுவர். அவர்கள் தம் மொழியில் கலந்து பேசித் தயாரிக்க இசைவளிப்பது சலுகை ஆகாது. விவாதம் நேர்மையாக நடப்பதற்கு அது தேவை.

5. பங்குகளும் விதிகளும்

அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் ஆகிய சகோதரர்கள் வகுத்த கட்டமைந்த கருத்து மோதல் முறை பலரும் அறிந்தது. அதில் நால்வர் குழுவில் இருவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் வாதிட்டு, பின் பக்கம் மாறி, இறுதியில் ஒருமித்த கருத்தை எட்ட முயல்வர். நம் பொருளுக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. பக்கம் மாறுதல் என்பதன் பொருள், முக்காடு அணிந்த மாணவி தன் முக்காட்டுக்கு எதிராகத் தன் வாயால் வாதிட வேண்டும் என்பதே. ஒருமித்த கருத்தை வற்புறுத்துவதும் சிறுபான்மையினர் இணங்கிப் போவதில்தான் முடியும்.

எனவே பங்குகளை மாற்றியமைக்கலாம். நால்வரில் இருவர் உரைப்போர், ஒருவர் திருப்பிச் சொல்வோர், ஒருவர் பதிவாளர். நாற்பது பேர் வகுப்பில் பத்துக் குழுக்கள். எனவே பத்துப் பதிவாளர்கள். எந்தப் பங்கு வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் முந்தின நாளே துண்டுத்தாளில் எழுதித் தருவர், காரணம் கேட்கப்படாது. உரைக்க விரும்பாத மாணவி பதிவாளராவாள். அவளோடு இன்னும் ஒன்பது பதிவாளர்கள் இருப்பதால் அவள் ஒதுங்கியதாக எவர்க்கும் தோன்றாது. ‘விருப்பமில்லாதவர் வெளியே இருக்கலாம்’ என்ற வழக்கமான விலக்கு இதற்கு நேர்மாறானது. அது வெளியேறியவரையே சுட்டிக் காட்டும்.

முதல் உரைப்போர் நான்கு நிமிடம் நீதிபதி குப்தாவின் வாதத்தை விளக்குவார். ‘நீதிபதியின் கருத்துப்படி’ என்றே ஒவ்வொரு வாக்கியமும் தொடங்க வேண்டும். ‘நான்’, ‘நீங்கள்’, ‘அவர்கள்’ ஆகிய மூன்று சொற்களுக்கும் இடமில்லை. திருப்பிச் சொல்வோர் இரண்டு நிமிடத்தில் அதனைத் தம் சொற்களில் கூறுவார். ‘ஆம், அதுவே’ என்று உரைத்தவர் ஏற்ற பின்னரே நீதிபதி தூலியாவின் வாதம் தொடங்கும். பிறகு உரைப்போர் இருவரும் நீதிபதிகளை மாற்றிக்கொண்டு மும்மூன்று நிமிடம் பேசுவர். இதற்குப் பதினெட்டு நிமிடம் போதும். எஞ்சிய நேரத்தில், இருவரும் பிரிவது நிகழ்ந்தவை பற்றியா, சட்டப் பொருள் பற்றியா, எது முதன்மையான மதிப்பு என்பது பற்றியா என்று குழு கூடிப் பதிவாளர் எழுதுவார். வாக்கெடுப்பும் இல்லை, நடுவர் தீர்ப்பும் இல்லை.

மேலும் இரு விதிகள் உண்டு. எவரையும் அவர் சமயத்தைக் காட்டி வினவக்கூடாது; ஒருவர் தாமாகத் தம் அனுபவத்தைச் சொன்னால் அதனைக் கேட்கலாம், மறுக்கக்கூடாது. கைப்பேசியில் ஒலியோ ஒளியோ பதியக்கூடாது. ‘இங்கே பேசியது வெளியே போகாது’ என்று மட்டும் ஆசிரியர் உறுதியளிக்கலாகாது. அவரால் காக்க இயலாத வாக்கு அது. அதை நம்பி ஒரு பிள்ளை மனம் திறந்தால் இழப்பு அப்பிள்ளைக்கே.

6. பிழை நேரும் இடம்

விதிகள் இருந்தும் ஒரு குழுவில், ‘பிடிக்கலைன்னா அவங்க வேற ஸ்கூலுக்குப் போகட்டுமே’ என்ற குரல் எழலாம். யார் சொன்னது என்று தேடுவதும் சிரித்துக் கடப்பதும் தவறு. ‘இது இரு தீர்ப்புகளில் எதில் உள்ளது?’ என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அக்கூற்றில் கல்வி உரிமை பற்றிய வாதத்தின் சாயல் இருக்கக்கூடும். மாணவர் வகுப்பிற்கு வர மறுத்தால் அது அவர்தம் விருப்பச் செயல் என்ற கருத்து குப்தாவின் தீர்ப்பில் உண்டு. அவ்வாறாயின் அதனை உரிய மொழியில் திரும்பக் கூறச் செய்யலாம். அது வகுப்பிலுள்ள ஒருவரை நோக்கிய சொல்லாக மட்டுமே நின்றால், ‘இது மனிதரைப் பற்றிய கூற்று, வாதம் அன்று, இங்கு நிறுத்துகிறேன்’ என்று எல்லோர் முன்னும் சொல்லி மேலே செல்ல வேண்டும். சொன்னவரிடமும் சொல்லப்பட்டவரிடமும் தனித்தனியே அன்றே பேச வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் உடைக்கு எதிரான வாதத்தை நாற்பது பேர் நடுவே கேட்பது, எவ்வளவு கண்ணியமாகச் சொல்லப்பட்டாலும், வலிக்கும். அவ்வலியை இம்முறை நீக்காது. வாதத்தைக் கேட்பதையும் வாதத்தின் இலக்காவதையும் இது பிரிக்கிறது, அவ்வளவே. ஊரில் சமயப் பதற்றம் நிலவும் வாரத்தில் அப்பிரிவும் நிற்காது. அவ்வேளையில் பிஜோ இம்மானுவேல் வழக்கோடு நிறுத்திக்கொள்வதே முறை.

ஆசிரியர் தாம் காணாதவற்றை அறிய இறுதியில் ஒரு துண்டுத்தாள் தேவை. கையெழுத்து ஆளைக் காட்டிவிடுமாதலால் அதில் எழுதச் செய்யாமல், குறியிடச் செய்ய வேண்டும்: ‘சொல்ல விரும்பாத ஒன்றை இன்று சொல்ல நேர்ந்ததா?’, ‘எவரேனும் உன்னைத் திரும்பிப் பார்த்தனரா?’ இரண்டாம் வினாவிற்கு ஒரே ஒரு ‘ஆம்’ வந்தாலும் அடுத்த பிரிவில் இவ்விவாதத்தை நடத்துவதற்கு முன் குழு அமைப்பை மாற்ற வேண்டும். மறுநாள் வருகைப்பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.