வட்டிக்கு வட்டி எதுவரை போகும்?

ஒரு லட்சம் ரூபாயை 8 சதவீத வட்டிக்கு ஒரு வருடம் போட்டு வைக்கிறீர்கள். வருடக் கடைசியில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 1,08,000 ரூபாய் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,08,160. நம் ஊர் வங்கிகள் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு வழக்கமாகச் செய்வதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,08,243.

அப்படியானால் மாதாமாதம் சேர்த்தால்? தினமும் சேர்த்தால்? மணிக்கு ஒருமுறை, நொடிக்கு ஒருமுறை? பணம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. மாதாமாதம் சேர்த்தால் 1,08,299 ரூபாய் 95 காசு. தினமும் சேர்த்தால் 1,08,327 ரூபாய் 76 காசு. இடைவெளியே இல்லாமல், கணத்துக்குக் கணம் சேர்த்தாலும் 1,08,328 ரூபாய் 71 காசுதான். தினசரி கணக்கைவிட வெறும் 95 காசு அதிகம்! இந்தக் கடைசி வகைக்குத்தான் தொடர் கூட்டு வட்டி என்று பெயர்.

இந்தக் கேள்வியை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேட்டவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த கணித மேதை ஜேக்கப் பெர்னூலி. கணக்கு எளிதாக இருக்க, வட்டி வருடத்துக்கு 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் ஒரு வருடத்தில் இரண்டு ரூபாய் ஆகும். வருடத்தை n பாகமாகப் பிரித்து வட்டி சேர்த்தால் கிடைப்பது (1 + 1/n)ⁿ. மாதாமாதம் என்றால் 2.613, தினமும் என்றால் 2.7146. எவ்வளவு பொடியாகப் பிரித்தாலும் இது மூன்றைத் தொடாது என்று பெர்னூலி கண்டார். அது போய் நெருங்கும் எண் 2.71828... பிற்பாடு ஆய்லர் அதற்கு e என்ற எழுத்தைக் கொடுத்தார். பள்ளிப் பாடத்தில் மடக்கை, நுண்கணிதம் என்று வருகிற அதே e, வட்டிக் கணக்கிலும் இருக்கிறது.

இருக்கிற தொகை எவ்வளவோ, அதற்கேற்ற வேகத்தில் ஒவ்வொரு கணமும் வளர்வதுதான் அடுக்குக்குறிச் சார்பின் குணம். தொடர் கூட்டு வட்டியும் அதையே செய்கிறது. அசல் P, வட்டி வீதம் r, வருடங்கள் t என்றால் தொகை P × e^(rt).

ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்க்க, அந்த 8,328 ரூபாய் 71 காசை அவிழ்த்துப் பார்க்கலாம். அசல் ஈட்டிய வட்டி 8,000. அந்த 8,000-க்கு 8 சதவீத வட்டி 640 ரூபாய் வந்திருக்க வேண்டுமே என்பீர்கள். ஆனால் அந்த 8,000 ஜனவரி முதல் தேதியே கையில் இல்லை; வருடம் முழுக்கத் துளித்துளியாக வந்து சேர்ந்தது. சராசரியாகப் பார்த்தால் அரை வருடம்தான் வட்டி ஈட்டியிருக்கும். ஆகவே வட்டிக்கு வட்டி 320 ரூபாய். அந்த வட்டியின் வட்டிக்கு வட்டி 8 ரூபாய் 53 காசு. அடுத்த அடுக்கு 17 காசு. அதற்கப்புறம் ஒரு காசுகூடத் தேறாது. அடுக்குகள் முடிவில்லாமல் உண்டு, கூட்டுத்தொகைக்குத்தான் முடிவு உண்டு. கணிதப் புத்தகம் இதையே 1 + r + r²/2 + r³/6 + ... என்று எழுதுகிறது.

வட்டி வீதம் ஏறினால் இந்த வித்தியாசம் உறைக்கத் தொடங்கும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால், வருடத்துக்கு 42 என்று நினைப்போம். மாதாமாதம் வட்டி ஏறி அது 51.1 ஆகிவிடுகிறது. தொடர் கூட்டு வட்டியாகப் போட்டாலும் 52.2தான். காலம் நீண்டாலும் அப்படியே: 8 சதவீதத்தில் ஒன்பது வருடம் போனால், வருடாந்தரக் கணக்கில் 1,99,900 ரூபாய், தொடர் கணக்கில் 2,05,443.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்பை வைத்து வட்டி கணக்கிடுகிறார்கள் என்பதால், வட்டி தினமும் அசலோடு சேருகிறது என்று பொருளில்லை. கணக்கிடுவது தினமும், சேர்ப்பது பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை. தொடர் கூட்டு வட்டி நம் டெபாசிட் ரசீதில் வருவதில்லை. ஆப்ஷன் விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் போன்ற இடங்களில்தான் அதற்கு வேலை. பல வருடக் கணக்கை அடுக்கில் கூட்டிக் கழித்தே முடித்துவிடலாம் என்பதால் அங்கே அது வசதி.

எனவே டெபாசிட் போடும்போது வட்டி எத்தனை தடவை சேர்கிறது என்ற விளம்பரத்தில் மயங்காமல், வருடக் கடைசியில் கைக்கு வரும் தொகையைக் கேளுங்கள். 8 சதவீதத்தை நொடிக்கு நொடி சேர்த்துத் தருகிறோம் என்று ஒருவரும், 8.33 சதவீதத்தை வருடத்துக்கு ஒரே தடவை தருகிறோம் என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டாமவரிடமே போடுங்கள். லட்சத்துக்கு ஒரு ரூபாய் 29 காசு கூடுதலாகக் கிடைக்கும்.