ஆட்டம் குறைந்ததற்கு அதிகப் பணம்

ஒரே டிரேடிங் கணக்கில் மூன்று விதமாக வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. பேங்க் நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் ட்ரெண்ட் போகும் பக்கம் போவது ஒன்று. தங்க ஃப்யூச்சர்ஸில் அதே வேலையைச் செய்வது இன்னொன்று. நிஃப்டி ஆப்ஷன்களை விற்று பிரீமியம் எடுப்பது மூன்றாவது. கணக்கில் 2.1 கோடி ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பெரும்பாலானவர்கள் ஆளுக்கு 70 லட்சம் என்று மூன்றாக வெட்டிவிடுவார்கள். பார்க்க நியாயமான பங்கீடுதான். ஆனால் மூன்றும் ஒரே அளவில் ஆடுவதில்லை. பேங்க் நிஃப்டி உத்தியின் வருட ஏற்ற இறக்கம் 20 சதவீதம், தங்கத்துக்கு 10, ஆப்ஷன் விற்பனைக்கு 5 என்று எடுத்துக்கொண்டால், அதே 70 லட்சம் முதல் இடத்தில் 14 லட்சம் அளவுக்கு மேலும் கீழும் போய்வரும். இரண்டாவதில் 7 லட்சம், மூன்றாவதில் மூன்றரை லட்சம். பணத்தைச் சமமாகப் பிரித்திருக்கிறோம், ஆனால் கணக்கு ஏறுவதும் இறங்குவதும் பேங்க் நிஃப்டியின் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் பெயருக்கு இருக்கின்றன.

இன்வர்ஸ் வொலாட்டிலிட்டி என்ற முறை இதைத் திருப்பிப் போடுகிறது. எது அதிகம் ஆடுகிறதோ அதற்குக் குறைவாகவும், எது குறைவாக ஆடுகிறதோ அதற்கு அதிகமாகவும் கொடு என்பதுதான் அது. ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தாலும் ஒன்றை வகுக்க வேண்டும். 1/20, 1/10, 1/5 என்பது 1, 2, 4 என்ற விகிதம். 2.1 கோடியை ஏழு பாகமாக்கினால் ஒரு பாகம் 30 லட்சம். பேங்க் நிஃப்டிக்கு 30, தங்கத்துக்கு 60, ஆப்ஷனுக்கு 120 லட்சம். இப்போது பெருக்கிப் பாருங்கள். 30 லட்சத்தில் 20 சதவீதம் 6 லட்சம். 60 லட்சத்தில் 10 சதவீதமும் 6 லட்சம். 120 லட்சத்தில் 5 சதவீதமும் அதே 6 லட்சம். மூன்றும் ஒரே அளவு ஆட்டத்தைக் கொண்டுவருகின்றன.

அளப்பதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. எக்செல்லில் கடைசி 60 நாள் தினசரி லாப நஷ்டச் சதவீதத்தை ஒரு பத்தியில் போட்டு, கீழே இதை எழுதினால் போதும்:

```
=STDEV.S(B2:B61)*SQRT(252)
```

252 என்பது ஒரு வருடத்தின் வர்த்தக நாட்களை உத்தேசமாகக் குறிக்கும் எண். சதவீதத்தை எதன் மேல் கணக்கிடுகிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கட்டிய மார்ஜின் மேல் அல்ல, பிடித்திருக்கும் ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மேல் கணக்கிட வேண்டும். ஆப்ஷன் விற்றிருந்தால், வாங்கிய பிரீமியத்தை விட்டுவிட்டு, அந்த லாட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் நிஃப்டியின் மதிப்பை எடுக்க வேண்டும்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. எப்போதாவது மட்டும் பொசிஷன் எடுக்கும் உத்தி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 60 நாளில் 15 நாள்தான் களத்தில் இருந்தது. மீதி 45 நாளும் அந்தப் பத்தியில் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்து அளந்தால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய பாதியாகத் தெரியும், உடனே அதற்கு இரண்டு மடங்கு பணம் போகும். களத்தில் இறங்குகிற அன்று அந்த இரண்டு மடங்குதான் ஆடும். உங்கள் தாளில் ஓர் உத்தியின் எண் நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால், முதலில் பூஜ்யங்களை எண்ணுங்கள்.

இனி லெவரேஜ். மூன்றும் 6 லட்சம் வீதம் ஆடினாலும் மொத்த ஆட்டம் 18 லட்சம் ஆகாது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும். மூன்றுக்கும் தொடர்பே இல்லை என்று கொண்டால் மொத்தம் 10.4 லட்சம்தான், அதாவது கணக்கில் 5 சதவீதம். இதைப் பார்த்ததும் எனக்கு 10 சதவீத ஆட்டம் தாங்கும், அப்படியானால் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கலாமே என்று மனது சொல்லும். ஃப்யூச்சர்ஸில் முழுப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதால், 2.1 கோடி வைத்துக்கொண்டு 4.2 கோடிக்குப் பொசிஷன் பிடிப்பதில் தடையும் இல்லை.

இங்கேதான் உச்சவரம்பு வேண்டும். மூன்றின் ஒப்பந்த மதிப்பையும் கூட்டினால் கணக்குப் பணத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், மொத்தம் 3.15 கோடி. கணக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் ஒன்றரையோடு நிறுத்தி, மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும்: 45, 90, 180 லட்சம். போன வாரம் நஷ்டம் தந்ததை மட்டும் வெட்டினால் சமநிலை போய்விடும். கூட்டும்போது ஓர் உத்தி வாங்கியதையும் இன்னொன்று விற்றதையும் கழித்துக்கொள்ளாமல் இரண்டையும் சேர்த்து எண்ணுவதே என் பழக்கம். ஒரே ஒப்பந்தத்தில் ஒன்று வாங்கி மற்றொன்று விற்றிருந்தால் திரையில் கழித்த எண்தான் தெரியும். அதனால் உத்திவாரியாகத் தனி நோட்டு தேவை.

வரம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024-ஐச் சொல்வேன். அந்த ஏப்ரல் கடைசியில் இந்தியா விக்ஸ் 10-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. சந்தை அவ்வளவு அமைதி. அப்படிப்பட்ட நாட்களில் ஆப்ஷன் விற்பவரின் தினசரி லாபம் சொட்டுச் சொட்டாக ஒரே சீராக வரும், 5 சதவீத ஏற்ற இறக்கம் இரண்டரையாகத் தெரியும். விகிதம் 1, 2, 8 ஆகிவிடும். மொத்த ஆட்டமும் குறைந்து தெரிவதால், அதே 10 சதவீதத்தை எட்ட மூன்று மடங்குக்கும் மேல் பிடிக்கச் சொல்லும் தாள். மொத்தம் 6.67 கோடி, அதில் ஆப்ஷன் மட்டும் 4.85 கோடி. ஜூன் 4 அன்று தேர்தல் முடிவு வந்தபோது நிஃப்டி ஒரே நாளில் 6 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. ஒரு சதவீதம் கீழே இருந்த புட்டை விற்றவருக்கு ஏறக்குறைய 5 சதவீத அடி. அந்த அமைதிக் கணக்கையே மாற்றாமல் வைத்திருந்தால் 4.85 கோடியில் அது 24 லட்சம், கணக்கில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மடங்கு வரம்போடு இருந்திருந்தால் ஆப்ஷன் பங்கு 2.29 கோடி, அடி 11.5 லட்சம்.

அமைதியாகத் தெரிவதும் ஆபத்து இல்லாததும் ஒன்றல்ல என்று இந்த முறைக்குத் தெரியாது. பின்னால் பார்த்த 60 நாளைத்தான் அதற்குத் தெரியும். வரம்பு வைத்த பிறகும் மொத்தத்தில் எட்டு பாகம் ஆப்ஷனுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் நான் இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன். ஓர் உத்தியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், அதன் பல வருடச் சராசரிக்குக் கீழே போனதாக எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கில் ஆப்ஷனின் எண்ணை 5-க்குக் கீழே விடமாட்டேன்.

தொடர்பே இல்லை என்ற அனுமானமும் நெருக்கடியில் உடையும். 2020 மார்ச்சில், 23-ஆம் தேதி மட்டும் நிஃப்டி 13 சதவீதம் விழுந்த அந்த மாதத்தின் நடுவில், உலகச் சந்தையில் தங்கமும் சேர்ந்து இறங்கியது. கையில் பணம் வேண்டும் என்று எல்லோரும் எல்லாவற்றையும் விற்றார்கள். மூன்றும் ஒரே திசையில் போனால், இரண்டு மடங்கு பிடித்தவருக்கு 10 சதவீதம் என்று நினைத்த ஆட்டம் 17 ஆகும். ஒன்றரை மடங்கில் அது 13.

சின்னக் கணக்குக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. 2024 நவம்பரிலிருந்து, புதிதாக அறிமுகமாகும் இண்டெக்ஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று செபி வைத்துவிட்டது. மேலே சொன்ன 45 லட்சத்துக்கு இரண்டோ மூன்றோ லாட் வரும், கிட்டத்தட்டப் பொருந்தும். இதையே 21 லட்ச ரூபாய்க் கணக்கில் செய்தால் பேங்க் நிஃப்டியின் பங்கு நான்கரை லட்சம். ஒரு லாட் கூட வாங்க முடியாது. வாங்கினால் கணக்கிட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பிடித்தவர்களாகிவிடுவோம். அந்த அளவுப் பணத்துக்கு அந்த இடத்தில் பேங்க் நிஃப்டி ஈ.டி.எஃப். வைத்துக்கொள்ளலாம். அப்போது இறங்கும் பக்கம் விற்றுப் போக வழியில்லை, உத்தியில் பாதிதான் மிஞ்சும்.