‘லியோ’ ஃபிளாஷ்பேக் பொய்யா? ரசிகர் சொன்னது எது, இயக்குநர் சொன்னது எது?

‘லியோ’ படத்தில் வரும் ஃபிளாஷ்பேக் உண்மையா, பொய்யா? படம் வெளியாகி (அக்டோபர் 19, 2023) இத்தனை நாளாகியும் இந்தக் கேள்வி அடங்கவில்லை. மதுரை ஆனையூரில் ஒரே வீட்டு ஹாலில்கூட இந்தச் சண்டை நடக்கலாம். “அந்த ஃபிளாஷ்பேக்கே பொய்தான், லோகேஷே சொல்லிட்டாரு” என்பான் காலேஜ் படிக்கும் தம்பி. “கண்ணால பார்த்ததை எப்படிடா பொய்ங்கிற?” என்பாள் அக்கா. இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. காரணம், இருவரும் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, படத்துக்குள் இருப்பது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘கேனன்’ என்கிறார்கள். நம் ஊர் வார்த்தையில் சொன்னால் மூலக்கதை. இரண்டாவது, படைப்பாளி படத்துக்கு வெளியே பேட்டியிலோ பதிவிலோ சொல்வது. மூன்றாவது, ரசிகர்கள் துப்பறிந்து கட்டும் யூகம், அதாவது ‘ஃபேன் தியரி’.

இப்போது ‘லியோ’வுக்கு வருவோம். இமாசலப் பிரதேசத்தின் தியோக் ஊரில் காபி கடை நடத்துகிறார் பார்த்திபன். ‘நீ பார்த்திபன் இல்லை, லியோ தாஸ்’ என்று ஒரு கும்பல் அவரைத் துரத்துகிறது. லியோ யார், அவன் குடும்பம் எப்படிப்பட்டது, தங்கை எலிசாவுக்கு என்ன ஆனது என்பதையெல்லாம் நமக்குச் சொல்வது மன்சூர் அலிகான் நடித்த ஹிருதயராஜ் டிசோசா. நாம் திரையில் பார்ப்பது அவர் வாயால் சொல்லும் கதையைத்தான். கிளைமாக்ஸில் பார்த்திபன், ஹரால்ட் தாஸிடம் தானே லியோ என்று ஒப்புக்கொள்கிறார். இது நிகழ்காலக் காட்சி. இடையில் கதை சொல்லி யாரும் இல்லை.

ஆக, ‘பார்த்திபன்தான் லியோ’ என்பது மூலக்கதை. அதை மறுக்க வழியில்லை. ‘லியோவின் கடந்த காலம் இப்படித்தான் நடந்தது’ என்பது மூலக்கதைக்குள் ஒரு பாத்திரம் கொடுத்த வாக்குமூலம். ‘ஹிருதயராஜ் இப்படிச் சொன்னார்’ என்பது மட்டும்தான் அங்கே உறுதி. கோர்ட்டில் சாட்சி சொன்னார் என்பதும், சாட்சி சொன்னது நடந்தது என்பதும் ஒன்றில்லையே, அது மாதிரி.

படம் வந்த பிறகு ஒரு பேட்டியில் லோகேஷ் கனகராஜே இந்தக் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஃபிளாஷ்பேக் பொய்யாகவும் இருக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு கோணம் உண்டு என்கிற மாதிரியான வசனம் முதலில் இருந்தது, பிறகு வெட்டப்பட்டது என்ற பொருளில் பேசினார். தம்பி பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் இயக்குநர் சொன்னது ‘இருக்கலாம்’. தம்பி சொல்வது ‘பொய்தான்’. இந்த ஒரு சொல் மாறும்போது இயக்குநரின் கூற்று ரசிகர் யூகமாகிவிடுகிறது. இன்னொன்று, வெட்டப்பட்ட வசனம் படத்தில் இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர் அதைக் கேட்கவே இல்லை. இயக்குநரின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அடுத்து ஒரு படம் வந்து வேறு கதையைக் காட்டும்வரை மூலக்கதை மாறாது.

இயக்குநர் பேச்சு எப்போது முழு பலம் பெறும்? அதே லோகேஷ்தான் அதற்கும் உதாரணம். ‘விக்ரம்’ 2022 ஜூன் 3 அன்று வெளியானது. அதற்கு முந்தைய நாள் அவர் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார். விக்ரம் உலகத்துக்குள் வருவதற்கு முன் ‘கைதி’யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். சொந்தக் கணக்கில், தன் பெயரில், தேதியோடு வந்த பேச்சு அது. மறுநாள் தியேட்டரில் நரேனின் பிஜோய் வந்தார். ‘கைதி’யின் அடைக்கலமும் அன்பும் ரோலெக்ஸ் முன்னால் வந்து நின்றார்கள். சொன்னதைப் படமே உறுதிசெய்துவிட்டது. ‘எல்.சி.யூ.’ என்று நாம் சொல்லும் பெயர் ரசிகர்கள் வைத்தது என்பது இதில் வேடிக்கை. பெயர் கீழிருந்து வந்தது, பிறகு படைப்பாளியும் அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. ‘லியோ’ அந்த வரிசையில் சேருமா என்று லோகேஷ் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ரிலீஸுக்கு முன்பே படம் பார்த்த உதயநிதி ஸ்டாலின், தன் பதிவில் எல்.சி.யூ. என்று போட்டு ஒரு கண்சிமிட்டலும் வைத்தார். அன்று ஊரே அதைப் பகிர்ந்தது. அவர் படத்தின் படைப்பாளி இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்தவர். ஆகவே அது யூகமும் இல்லை, அதிகாரபூர்வ அறிவிப்பும் இல்லை, நேரில் கண்டவர் தந்த குறிப்பு. ‘கைதி’ நெப்போலியன் ‘லியோ’வில் வந்தார். கடைசியில் போனில் கமல் குரல் கேட்டது. குறிப்பு பலித்தது. இப்படிப்பட்ட குறிப்பைப் பலமானதாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ‘இயக்குநர் அறிவித்தார்’ என்று எழுதக் கூடாது.

போனில் வரும் செய்தி எந்த ரகம் என்று பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ‘லோகேஷ் உறுதி!’ என்று ஒரு படக்கார்டு வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் எங்கே, எப்போது சொன்னார் என்று தேடுங்கள். பேட்டி என்றால் முழு வீடியோ இருக்கும். 30 விநாடித் துண்டில் பதில் மட்டும் இருந்து கேள்வி வெட்டப்பட்டிருந்தால் நம்பாதீர்கள். “அப்படி இருந்தா நல்லா இருக்கும்ல?” என்று சிரித்துக்கொண்டே சொன்னதை, சிரிப்பை வெட்டிவிட்டு அறிவிப்பாக்குவது பழைய வித்தை. எக்ஸ் தளப் பதிவு என்றால் கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். லோகேஷின் கணக்கு Dir_Lokesh. நீல டிக்கை மட்டும் நம்ப வேண்டாம், இப்போது அது காசு கட்டினாலே கிடைக்கிறது. ‘நெருங்கிய வட்டாரம் சொல்கிறது’ என்று தொடங்கும் செய்தியில் சொன்னவர் யார் என்றே தெரியாது. அதை யூகத்தோடு சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் செல்போன் காலத்துப் பழக்கம் என்று தாத்தா பாட்டிகள் சிரிக்க வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950-களில் ‘கல்கி’யில் வாரவாரம் வந்தபோதும் வாசகர்கள் இப்படித்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தொடர் முடிந்ததும் அவர்கள் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்க, கல்கி ஒரு முடிவுரை எழுதினார். அது இன்றும் நூலின் கடைசியில் அச்சாகிறது. பேட்டிபோலக் காற்றில் போகாமல், கதையோடு சேர்த்தே கட்டப்பட்ட படைப்பாளி கூற்று அது. அதன் எடையே வேறு. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கதை பூடகமாகவே விட்டது. அதனால் அந்த இடத்தில் யூகங்கள் 70 வருடமாகத் தழைக்கின்றன. படைப்பாளி வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் முளைக்கும் யூகம் தப்பில்லை.

படைப்பாளி வெளிப்படையாகவே மூடிய கதவைத் தட்டுவதுதான் ஏமாற்றத்தில் முடியும். ‘கூலி’ தனிக்கதை, எல்.சி.யூ. இல்லை என்று லோகேஷ் ரிலீஸுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து டைம் டிராவல் கதை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2025 ஆகஸ்ட் 14 அன்று தியேட்டரில் ரஜினி டைம் டிராவல் எதுவும் செய்யவில்லை. வெளியே வந்து “சொன்னபடி எடுக்கலையே” என்று கோபப்பட்ட சிலர், அப்படிச் சொன்னது யார் என்று தங்கள் போனிலேயே பின்னோக்கிப் போய்த் தேடியிருந்தால், அவர்களே பகிர்ந்த பதிவில் போய் நின்றிருப்பார்கள்.